ஊர் திரும்பும் முன் கம்பெனிக்கு எழுதும் செட்டில்மென்ட் கடிதம்: அமீரகத்தில் வேலை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். வேலையை விட்டு ஊருக்குப் போகிறவர்களின் கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். "பத்து வருஷம் உழைத்திருக்கிறேன், பார்த்துச் செய்யுங்கள்" என்று நாலு வரியில் ஒன்று வரும். மகள் கல்யாணம், அம்மாவின் ஆபரேஷன், ஊரில் உள்ள கடன் என்று இரண்டு பக்கத்துக்கு இன்னொன்று வரும். இரண்டிலுமே எனக்குத் தேவையானது இருக்காது. எப்போது சேர்ந்தார், கடைசி நாள் எது, அலவன்ஸ் சேராத பேசிக் சம்பளம் எவ்வளவு, எந்தெந்தப் பணம் கேட்கிறார் என்பது தெரியாமல் அந்தக் கடிதத்தை வைத்து எதையும் நகர்த்த முடியாது. எச்ஆருக்கு அனுப்புவோம், அங்கிருந்து திரும்பி வரும், அதற்குள் அவருடைய டிக்கெட் தேதி வந்துவிடும்.

கேட்பது உதவி இல்லை, சட்டப்படி சேர வேண்டிய பணம். அதனால் கடிதத்தில் குடும்பக் கஷ்டம் வேண்டாம். "கொடுக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன்" என்ற மிரட்டலும் முதல் கடிதத்தில் வேண்டாம். அப்படி ஒரு வரி இருந்தால் அந்தக் கடிதம் கணக்குப் பிரிவைத் தாண்டி வக்கீலிடம் போகும். அங்கே போன காகிதம் சீக்கிரம் திரும்பாது.

பெரும்பாலான கடிதங்கள் சறுக்குவது கணக்கில்தான். அமீரகத்தில் தனியார் கம்பெனிகளுக்கு 2022 பிப்ரவரி 2 முதல் புதிய தொழிலாளர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. முழுநேர வேலையில் ஒரு வருடம் முடித்தவருக்கு, முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் சம்பளமும் கிராஜுவிட்டி, அதாவது வேலை முடியும்போது கிடைக்கும் பணிக்கொடை. சம்பளம் என்று இங்கே சொல்வது கடைசியாக வாங்கிய பேசிக்கை மட்டும்தான். ரூம் வாடகை, போக்குவரத்து, சாப்பாட்டு அலவன்ஸ், ஓவர்டைம் எதுவும் இதில் சேராது. எத்தனை வருடம் வேலை செய்திருந்தாலும் மொத்தத் தொகை இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டாது.

இதில் குழப்பம் வருவதற்கு ஒரு காரணம் பக்கத்து நாடு. சவூதியில் முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு அரை மாதம், பிறகு வருடத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கு. அங்கே பேசிக்கோடு அலவன்ஸும் சேரும். ரியாத்தில் இருக்கும் மச்சான் வாங்கிய தொகையைக் கேட்டுவிட்டு ஷார்ஜாவில் கடிதம் எழுதினால் கணக்கு பொருந்தவே பொருந்தாது. வீட்டு வேலைக்காரர்களுக்கும், துபாய் நிதி மையம் போன்ற சில இடங்களில் வேலை செய்பவர்களுக்கும் வேறு சட்டம். இங்கே நான் சொல்வது சாதாரணத் தனியார் கம்பெனித் தொழிலாளிக்கு.

ஓர் உதாரணத்தை முழுக்கப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கம்பி கட்டும் தொழிலாளி 2018 மார்ச் 10 அன்று வேலைக்குச் சேர்ந்தார். 2025 செப்டம்பர் 9 அன்று ராஜினாமா கொடுத்து, 30 நாள் நோட்டீஸ் முடித்து, அக்டோபர் 9 அவருடைய கடைசி நாள். மாதம் மொத்தம் 2,000 திர்ஹம், அதில் பேசிக் 1,200. ஆக மொத்தம் 7 வருடம் 7 மாதம். ஆனால் நடுவில் ஒரு முறை ஊருக்குப் போனபோது, லீவு முடிந்த பிறகும் 30 நாள் சம்பளமில்லாமல் தங்கிவிட்டார். சம்பளமில்லாத நாட்கள் சர்வீஸில் சேராது. அதைக் கழித்தால் ஏழரை வருடம்.

பேசிக்கை 30ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 40 திர்ஹம். முதல் 5 வருடத்துக்கு 105 நாள், அதாவது 4,200. அடுத்த இரண்டரை வருடத்துக்கு 75 நாள், அதாவது 3,000. கிராஜுவிட்டி 7,200 திர்ஹம். எடுக்காத லீவு 22 நாள் பாக்கி இருந்தது. அதற்கும் பேசிக் கணக்குத்தான், 880. அக்டோபரில் வேலை செய்த 9 நாளுக்கு முழுச் சம்பளக் கணக்கில் 600. எல்லாம் சேர்த்து 8,680 திர்ஹம்.

இதே ஆள் 2,000ஐ வைத்துக் கணக்குப் போட்டால் கிராஜுவிட்டி மட்டுமே 12,000 வரும். அப்படிக் கேட்டு எழுதியவர்கள் நிறைய. கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசி நடுவில் எங்காவது நிற்கலாம் என்று ரூமில் சொல்வார்கள். கணக்குப் பிரிவில் அப்படி நடக்காது. தொகை தப்பு என்று தெரிந்ததும் கடிதம் முழுவதையும் ஓரம் வைக்க ஒரு சாக்கு கிடைத்துவிடும். சரியாக இருந்த லீவுப் பணமும் அதோடு சேர்ந்து தூங்கும்.

பேசிக் எவ்வளவு என்று நினைவில் இருந்து எழுதவே கூடாது. சம்பள உயர்வு வந்தபோது அதை அலவன்ஸில் மட்டும் ஏற்றியிருப்பார்கள், பேசிக் சேர்ந்த நாளில் இருந்த இடத்திலேயே நிற்கும். மனிதவள அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தத்தில் பேசிக் தனி வரியாக இருக்கும். அமைச்சகத்தின் ஆப்பில் அதை எடுத்துப் பார்க்கலாம். சம்பளச் சீட்டில் ஓர் எண்ணும் ஒப்பந்தத்தில் இன்னோர் எண்ணும் இருந்தால், அதைக் கடிதத்திலேயே ஒரு வரியில் குறிப்பிட்டு இரண்டின் நகலையும் இணைத்துவிடுங்கள்.

"ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி குறையும்" என்று பயந்து குறைத்துக் கேட்பவர்களும் உண்டு. பழைய சட்டத்தில் 5 வருடத்துக்கு முன் ராஜினாமா செய்தால் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று வெட்டு இருந்தது. இப்போதைய சட்டத்தில் அது இல்லை. ஆனால் பல அலுவலகங்களில் பழைய எக்செல் ஷீட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேண்டுமென்றே செய்வதில்லை, யாரும் மாற்றவில்லை அவ்வளவுதான். உங்கள் கணக்கைக் கடிதத்தில் வரிவரியாகப் போட்டிருந்தால், எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

கடிதம் இந்த அளவுக்கு இருந்தால் போதும். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள், ஆனால் இதைவிட நீட்ட வேண்டாம்:

"ஐயா, நான் 2018 மார்ச் 10 முதல் தங்கள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பணியாளர் எண், லேபர் கார்டு எண், பாஸ்போர்ட் எண் மேலே உள்ளன. 2025 செப்டம்பர் 9 அன்று கொடுத்த ராஜினாமாவின்படி என் கடைசி வேலை நாள் அக்டோபர் 9. எனக்குச் சேர வேண்டியவை: கிராஜுவிட்டி 180 நாளுக்கு 7,200, லீவு 22 நாளுக்கு 880, அக்டோபர் சம்பளம் 9 நாளுக்கு 600, மொத்தம் 8,680 திர்ஹம். கணக்கு விவரம் இணைப்பில் உள்ளது. வேறுபாடு இருந்தால் தங்கள் கணக்கை எழுத்தில் தரவும். அக்டோபர் 23க்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தவும். அனுபவச் சான்றிதழும் வேண்டும்."

அக்டோபர் 23 என்பது சும்மா போட்ட தேதி இல்லை. ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியையும் கம்பெனி கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "சீக்கிரம் கொடுங்கள்" என்று எழுதினால் யாருக்கும் அவசரம் வராது. தேதி போட்டால் அது காலண்டரில் ஏறும். அனுபவச் சான்றிதழுக்குக் கம்பெனி காசு கேட்கக் கூடாது. டிக்கெட்டை நான் மேலே சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது. கம்பெனி அனுப்பினால் பொதுவாக டிக்கெட் அவர்கள் பொறுப்பு. தொழிலாளியே விலகினால் அதைச் சொல்லி மறுப்பார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் டிக்கெட் தருவதாக எழுதியிருந்தால் அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள்.

இதைக் கடைசி நாளில் கொடுப்பதும் ஒரு தவறு. நோட்டீஸ் காலத்திலேயே, இரண்டு வாரம் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். ஃபோர்மேனிடம் வாயால் சொன்னதும், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டதும் பின்னால் கைகொடுக்காது. எச்ஆருக்கு ஈமெயில் அனுப்புங்கள், கம்பெனி ஈமெயிலில் இருந்து அனுப்பாமல் உங்கள் சொந்த ஈமெயிலில் இருந்து அனுப்புங்கள். கம்பெனி ஐடியை மூடிவிட்டால் ஆதாரமும் அதோடு போய்விடும். நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். லீவில் ஊருக்குப் போய்விட்டு அங்கிருந்து ராஜினாமாவும் செட்டில்மென்ட்டும் கேட்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். நோட்டீஸ் கொடுக்கவில்லை, வேலைக்கு வரவில்லை என்று கம்பெனிக்கு இரண்டு வாதம் கிடைத்துவிடும்.

சரி, கடிதம் நன்றாக எழுதியாகிவிட்டது. அப்புறமும் பணத்தைத் தொலைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. விசா கேன்சல் செய்ய, கம்பெனியின் அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் பிஆர்ஓ ஒரு காகிதம் கொண்டு வருவார். அதில் "எனக்குச் சேர வேண்டிய எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி இருக்கும். "இது சும்மா ஃபார்மாலிட்டி, கையெழுத்துப் போடுங்கள், பணம் அடுத்த வாரம் அக்கவுண்டில் வரும்" என்பார். பல சமயம் வந்தும் விடும். வராதபோது அந்தக் கையெழுத்து உங்களுக்கு எதிரான முதல் ஆதாரம். செட்டில்மென்ட் ஷீட்டின் நகலைக் கேளுங்கள், தொகை கணக்கில் ஏறியதும் கையெழுத்துப் போடுகிறேன் என்று பணிவாகச் சொல்லுங்கள். அந்த ஷீட்டில் விசா செலவு, ஆள் எடுத்த செலவு என்று ஏதாவது பிடித்திருந்தால் அதை எதிர்த்து எழுதலாம். அந்தச் செலவுகளைத் தொழிலாளியிடம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை.

14 நாள் தாண்டியும் பதில் இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது கடிதம் என்று போய்க்கொண்டிருக்க வேண்டாம். அமைச்சகத்தின் தொழிலாளர் புகார் எண் 80084. முதலில் இரு தரப்பையும் பேசவைப்பார்கள். 50,000 திர்ஹம் வரையிலான தகராறில் அமைச்சகமே முடிவு சொல்லலாம், மேலே நம் உதாரணத்துத் தொகையெல்லாம் அதற்குள்தான் வரும். வேலை முடிந்த நாளிலிருந்து 2 வருடம் வரை கோரலாம் என்று 2024இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், முன்பு ஒரு வருடம்தான். அவகாசம் இருக்கிறது என்று விமானம் ஏறிவிடாதீர்கள். அங்கே இருக்கும்போது கொடுக்கும் புகாருக்கும் ஊரிலிருந்து கொடுப்பதற்கும் அலைச்சலில் பெரிய வித்தியாசம் உண்டு.

வங்கி விஷயம் ஒன்று பாக்கி. டிக்கெட் போட்ட கையோடு சம்பள அக்கவுண்டை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூடிய கணக்குக்குப் போன பணம் கம்பெனிக்கே திரும்பிவிடும், அதை மறுபடி அனுப்பவைப்பது தனி வேலை. அந்த வங்கியில் லோனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால் செட்டில்மென்ட் பணம் வந்ததும் வங்கி அதைப் பிடித்து வைக்க வாய்ப்பு அதிகம். கடிதம் கொடுப்பதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பாக்கி எவ்வளவு என்று கேட்டு, எவ்வளவு கட்டினால் மீதியை எடுக்க விடுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.