கழிவறைத் தொட்டியின் பின்னல் ஹோஸை மாற்றுவது எப்படி: நீளம், மரை அளவு, தேய்மானம்

சுவரில் இருக்கும் சிறு வால்விலிருந்து ஃபிளஷ் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகும், வெள்ளி நிறக் கம்பிப் பின்னல் போட்ட குழாய்தான் பின்னல் ஹோஸ். உள்ளே இருப்பது மெல்லிய ரப்பர் குழாய். தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்குவது வெளியே இருக்கும் பின்னல். பின்னல் ஓரிடத்தில் அறுந்தால் ரப்பர் அந்த ஓட்டை வழியே பலூன் போலப் பிதுங்கி வெடித்துவிடும். வால்வை மூடும்வரை தண்ணீர் நிற்காது. ஆகவே பழைய ஹோஸைப் பார்ப்பதிலிருந்து தொடங்குவோம்.

1. பழையதைப் பாருங்கள்

கைபேசியின் விளக்கைப் போட்டு, ஹோஸின் இரு முனைகளையும் பாருங்கள். பின்னல் முடியும் இடத்தில் ஓர் உலோக வளையம் நசுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும், ஏனென்றால் ஈரம் அந்த இடுக்கில் தங்கி உலராமல் இருக்கும். சுவர்ப் பக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கைபேசியைப் பின்னால் நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள்.

வளையத்தருகே பழுப்புக் கறை, பின்னலில் அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, எங்காவது புடைப்பு, மடங்கிய தடம், பின்னல் விலகி உள்ளே கறுப்பு ரப்பர் தெரிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நட்டைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு இருந்தால், அங்கே துளித்துளியாகக் கசிந்து காய்ந்திருக்கிறது என்று பொருள். உறுதி செய்ய, உலர்ந்த டிஷ்யூ தாளை ஒவ்வொரு நட்டிலும் சுற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் எந்தத் தாள் நனைந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு.

பின்னலில் உள்ள துருப்பிடிக்காத எஃகுக்கு ஏன் துரு வருகிறது என்று பலர் கேட்பார்கள். குளோரின் கலந்த வெளுப்பானும், உப்பு அமிலம் உள்ள கழிவறைச் சுத்திகரிப்புத் திரவமும் அந்த எஃகை அரிக்கக்கூடியவை. தேய்க்கும்போது தெறித்த துளி பின்னலில் காய்ந்துபோனால் மெல்லிய கம்பிகள் வெடிப்பு விடத் தொடங்கும். அடுப்படி சிங்க்குக்குக் கீழே திறந்த வெளுப்பான் புட்டிகளை வைத்தால் அங்குள்ள ஹோஸ்களும் ஆவியால் இதே போலக் கெடும். கழுவியபின் ஹோஸையும் நல்ல தண்ணீரால் துடைத்துவிடுவது நல்லது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ரப்பர் வயதாகிறது. அதனால் ஐந்தாறு ஆண்டு ஆன ஹோஸை மாற்றிவிடுவதே எங்கள் பரிந்துரை.

2. மரை அளவு

இங்கேதான் பெரிய குழப்பம். கடையில் “அரை இஞ்ச்” என்று கேட்பது மரையின் உண்மையான அகலம் அல்ல. அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. வர வேண்டும். ஆனால் வால்வின் வெளிமரையை அளந்தால் கிட்டத்தட்ட 21 மி.மீ. இருக்கும். பழைய இரும்புக் குழாயின் உள்விட்டத்தை வைத்து வந்த பெயர் அது. அளவுகோலில் 21 வந்தால் அரை இஞ்ச், 16.7 அளவில் வந்தால் எட்டில் மூன்று இஞ்ச், 26.4 வந்தால் முக்கால் இஞ்ச். சிங்கப்பூர் வீடுகளில் ஃபிளஷ் தொட்டிக்கு வரும் வால்வு வழக்கமாக அரை இஞ்ச்தான், இரு முனையும் உள்மரை நட்டு உள்ள ஹோஸ் போதும். ஆனாலும் அளந்துவிட்டே போங்கள்.

இணையத்தில் வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த ஃபிளஷ் ஹோஸில் தொட்டி முனை எட்டில் ஏழு இஞ்ச், அதாவது 22.2 மி.மீ. மரை. இரண்டிலும் ஓர் இஞ்சுக்கு 14 மரை என்பதால் நட்டு இதமாகவே சுழலும், சரியாகப் பொருந்திவிட்டதாகத் தோன்றும். உண்மையில் மரைகள் நுனியில் மட்டுமே பற்றிக்கொண்டிருக்கும், இறுக்கும்போது நழுவிவிடும். நட்டைப் பாதி ஏற்றிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். வழக்கத்துக்கு மீறி ஆடினால் வேண்டாம்.

சமையலறைக் கலப்புக் குழாய்க்கு வேறு வகை. அதன் அடிப்பகுதியில் நுழையும் முனை பெரும்பாலும் 10 மி.மீ. மெட்ரிக் மரை, அதைக் கையால் மட்டுமே இறுக்க வேண்டும். அந்த ஹோஸ் இரண்டில் ஒன்றின் தண்டு குட்டை, மற்றது நெடியது. அருகருகே இடிக்காமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள், தவறான பொருள் என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

3. நீளம்

ஒரு கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வால்வின் வாயிலிருந்து தொட்டியின் வாய் வரை, ஹோஸ் போகப்போகும் வழியில் தளர்வாக வளைத்துப் பிடியுங்கள். இரு முனையிலும் முதல் 3 செ.மீ. நேராக இருக்க வேண்டும், வளைவு அதன் பிறகுதான் தொடங்க வேண்டும். வளையத்தின் விளிம்பிலேயே வளைந்தால் பின்னல் அங்கே விரிந்து அறும்.

ஓர் எடுத்துக்காட்டு. தொட்டியின் வாய் வால்விலிருந்து 32 செ.மீ. உயரத்தில், 10 செ.மீ. பக்கவாட்டில் இருக்கிறது. நேர்கோட்டில் சுமார் 33.5 செ.மீ. கயிற்றை மென்மையாக வளைத்துப் பிடித்தால் 38 வரும். கடையில் 30, 40, 50, 60 கிடைத்தால் 40 எடுங்கள். 30 எட்டாது. 60 எடுத்தால் மிஞ்சும் 22 செ.மீ. சுவருக்கும் தொட்டிக்கும் இடையே மடங்கி நசுங்கும். மிகக் குறுகிய இடைவெளியில், இழுபட்ட ஹோஸைவிட ஒரு பெரிய வளைவு போடும் அளவு நீளமே நல்லது.

பொருளின் தரத்தைக் காந்தம் வைத்துச் சொல்ல முடியாது. துருப்பிடிக்காத எஃகில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, அலுமினியக் கம்பியிலும் ஒட்டாது. நல்ல எஃகுக் கம்பி இழுத்துச் செய்யப்பட்டதால் சிலசமயம் லேசாக ஒட்டும். வெள்ளைத் தாளில் பின்னலை அழுத்தித் தேயுங்கள். சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம், கழிவறைக்கு அது வேண்டாம்.

4. மாற்றுவது

வால்வை வலப்புறம் திருப்பி மூடி, ஃபிளஷ் செய்யுங்கள். தொட்டி மீண்டும் நிரம்பினால் வால்வு சரியாக மூடவில்லை. அப்போது வீட்டுக்கு வெளியே மீட்டருக்கு அருகிலுள்ள வால்வை மூடிவிட்டுத் தொடருங்கள். அடியில் வாளி வைத்து இரு நட்டையும் கழற்றுங்கள். தொட்டியின் வாய் பிளாஸ்டிக் என்பதால், அந்த நட்டைத் திருப்பும்போது தொட்டிக்குள் இருக்கும் பகுதியை மறுகையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

புதிய ஹோஸை மாட்டுமுன் வாளியை வால்வின் வாயோடு சேர்த்துப் பிடித்து ஒரு நொடி திறந்து மூடுங்கள். மணலும் துருவும் வெளியே வந்துவிடும். இல்லையென்றால் தொட்டியின் நிரப்பும் வால்வில் போய் அடைத்துக்கொள்ளும்.

இரு நட்டுக்குள்ளும் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீரை அடைப்பது அந்த வாஷர்தான், மரை அல்ல. ஆகவே வெள்ளை டேப் சுற்ற வேண்டாம். சுற்றினால் வாஷர் சரியாக உட்காருமுன்பே நட்டு இறுகிவிட்டதாகக் கைக்குத் தோன்றும். கையால் முழுதும் இறுக்கி, வால்வுப் பக்கம் ஸ்பேனரால் கால் சுற்று. பிளாஸ்டிக் பக்கம் கையிறுக்கம் போதும், தேவைப்பட்டால் சிறிது மட்டும். இறுக்கும்போது மறுகையால் ஹோஸைப் பிடியுங்கள். ஹோஸ் முறுக்கிக்கொண்டால் நட்டைத் தளர்த்தி, முறுக்கை விடுவித்து மீண்டும் இறுக்குங்கள்.

வால்வை மெதுவாகத் திறங்கள். துளி வந்தால் மேலும் இறுக்காதீர்கள்: மூடி, கழற்றி, வாஷர் சாய்ந்திருக்கிறதா, வாயில் அழுக்கு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். வாஷரை நசுக்கி நிறுத்திய கசிவு பிறகு திரும்பி வரும். இரு நட்டிலும் டிஷ்யூ தாள் சுற்றி, காலையில் ஒருமுறை பாருங்கள்.

இந்த வேலையை வீட்டுக்காரரே செய்யலாம். சுவருக்குள் செல்லும் குழாயை மாற்றுவதென்றால் மட்டும், பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழையுங்கள்.