டியூஷன் சென்டரை எடைபோடும்போது நாம் எங்கே தவறுகிறோம்?

மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாளே எங்கள் தெருமுனையில் டியூஷன் சென்டரின் புது ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். கணக்கில் ஒன்பது சென்டம் என்று பிள்ளைகளின் போட்டோவோடு போட்டிருந்ததைப் பார்த்துத்தான் என் மகளைப் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு அங்கே சேர்த்தேன். நான் செய்த முதல் தவறு அதுதான்.

ஒன்பது பேர் சென்டம் சரி, மொத்தம் எத்தனை பேர் எழுதினார்கள்? மகளைச் சேர்த்து மூன்று மாதம் கழித்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டேன். நூற்று நாற்பது பேர் என்றார்கள். அந்த ஒன்பது பேரில் நான்கு பிள்ளைகளின் அம்மாக்களை எனக்குத் தெரியும். நான்கு பேருமே ஒன்பதாம் வகுப்பிலேயே தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கியவர்கள். அவர்களை அந்த சென்டர் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் 58 மார்க்கோடு உள்ளே போன என் மகளுக்கு என்ன நடக்கும் என்பதை அந்த ஃப்ளெக்ஸ் சொல்லவே இல்லை. நம் பிள்ளையின் மார்க்கை ஒட்டிச் சேர்ந்தவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். போன வருடம் அம்பது, அறுபதில் சேர்ந்த இரண்டு மூன்று பிள்ளைகளின் வீட்டில் விசாரித்தாலே போதும். போட்டோவில் இருக்கிற பிள்ளை எந்த கோர்ஸில், எவ்வளவு காலம் படித்தது என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதனால் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. கடைசி ஒரு மாதம் டெஸ்ட் பேட்சுக்கு மட்டும் வந்த பிள்ளையின் போட்டோவும் ஃப்ளெக்ஸில் இருக்கலாம்.

அடுத்த தவறு, டியூஷனில் வைக்கிற டெஸ்ட் மார்க்கை நம்பியது. சனிக்கிழமை டெஸ்டில் என் மகள் 85, 88 என்று வாங்கிக்கொண்டிருந்தாள். வாட்ஸாப்பில் மார்க் வரும், எனக்கும் நிம்மதியாக இருக்கும். அரையாண்டில் வந்தது 61. பதற்றத்தில் சென்டருக்கு ஓடாமல், அன்று ராத்திரி விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு பகுதி பகுதியாகக் கூட்டிப் பார்த்தேன். அதில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு மார்க் 14, இரண்டு மார்க்கில் எழுத வேண்டியது 10, ஐந்து மார்க்கில் 10, அப்புறம் வடிவியலும் வரைபடமும் எட்டெட்டு மார்க். வடிவியலிலும் வரைபடத்திலும் அவளுக்கு முழுசாகப் பதினாறு. ஒரு மார்க்கில் பன்னிரண்டு. இரண்டு மார்க்கில் இருபதுக்குப் பதிமூன்று. ஐந்து மார்க்கில் ஐம்பதுக்கு இருபதுதான். கட்டாயமாக எழுத வேண்டிய 28, 42 இரண்டு கேள்விகளும் வெறுமனே கிடந்தன. பழகிப் பழகி கை தானாகப் போடுகிற இடங்களில் சென்டர் அவளை நன்றாகத் தயார் செய்திருக்கிறது. கேள்வியைப் படித்துத் தானே யோசிக்க வேண்டிய இடத்தில் அவள் நின்றுவிட்டாள். டியூஷன் டெஸ்டில் ஏன் 88 வந்தது என்றால், அங்கே கேட்டது எல்லாமே அவர்கள் கொடுத்த முக்கிய வினா நோட்டில் இருந்த அதே கணக்குகள். எண்கூட மாறவில்லை.

ஒரே ஒரு கணக்கைச் சொல்கிறேன். 60 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கோபுரத்தின் உச்சிக்கும் அடிக்கும் இறக்கக் கோணம் 30°, 60°. கோபுரத்தின் உயரம் கேட்டிருந்தார்கள். விடை 40 மீட்டர். இவள் கோணத்தைக் கிடைக்கோட்டிலிருந்து குறிக்காமல் கட்டடச் சுவரிலிருந்து குறித்திருந்தாள். அதனால் தூரம் 60√3 ஆகி, கோபுர உச்சி 180 மீட்டர் கீழே போய்விட்டது. 60-இல் 180-ஐக் கழித்தால் மைனஸ் 120. கோபுரத்தின் உயரம் மைனஸில் வந்ததும் பயந்துபோய் அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறாள்.

அவளுடைய டியூஷன் நோட்டைப் புரட்டினேன். இதே மாதிரி ஏழு கணக்குகள், ஏழிலும் படம் அச்சடித்தாற்போல் அழகாக இருந்தது. "இதையெல்லாம் நீயா வரைஞ்ச?" என்று கேட்டேன். "இல்லம்மா, சார் போர்டுல வரைவாரு, நாங்க பாத்து எழுதிக்குவோம்" என்றாள். கேள்வியிலிருந்து படத்துக்குப் போகிற அந்த ஒரு படிதான் கணக்கின் கஷ்டமே. வருடம் முழுக்க அதை சாரே செய்திருக்கிறார்.

பாடம் நடத்தும் விதத்தை டெமோ கிளாஸை வைத்து முடிவு செய்வது அதனால்தான் தவறு. டெமோவை நடத்தியவர் சென்டரின் பெரிய சார். ஆகஸ்ட் முதல் எங்கள் பேட்சுக்கு வேறொருவர். நோட்டில் பிள்ளை தப்பாகப் போட்டு, அடித்து, திரும்பப் போட்ட கணக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நல்ல வழி. திருத்திய டெஸ்ட் பேப்பரில் எந்த வரியில் பிசகியது என்று சுழித்திருக்கிறதா, மேலே மொத்த மார்க் மட்டும் போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தப்பே இல்லாத நோட்டைப் பார்த்து நான் பல மாதம் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

ஃபீஸ் விஷயத்திலும் மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு ஏமாந்தேன். மாதம் 1,500, பத்து மாதம், மெட்டீரியலுக்கும் டெஸ்ட் சீரீஸுக்கும் 3,000, ஆக 18,000. வாரம் நான்கு நாள் ஒன்றரை மணி நேரம் என்றார்கள். அதில் ஒரு நாள் டெஸ்ட். லீவெல்லாம் போக 32 வாரம் நடந்தது, பாடம் நடத்தியது 144 மணி நேரம். மணிக்கு 125 ரூபாய். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மாதம் 1,300 வாங்குகிறார், வாரம் மூன்று மணி நேரம்தான். கொஞ்ச நேரத்துக்கு இவ்வளவா என்று அவரை விட்டேன். அதே 32 வாரத்துக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 135 ரூபாய் வருகிறது. பத்து ரூபாய்தான் வித்தியாசம், ஆனால் அவரிடம் எட்டுப் பிள்ளைகள், இங்கே ஒரு பேட்சில் முப்பத்தைந்து. அதோடு, ஆயிரம் ரூபாய் தள்ளுபடிக்காக ஜூனிலேயே முழுப் பணத்தையும் கட்டியிருந்ததால் அரையாண்டுக்குப் பிறகு மாற்றவும் மனம் வரவில்லை. டேர்ம் டேர்மாகக் கட்டியிருந்தால் கையில் ஒரு வழி இருந்திருக்கும்.

ஜனவரியில் சாரைப் பார்த்து விடைத்தாளைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "பேட்ச் பெருசுங்கம்மா, வரையச் சொன்னா பாதிப் பேரு உக்காந்தே இருப்பாங்க, போர்ஷன் முடியாது" என்று உள்ளதைச் சொன்னார். அதன் பிறகு வீட்டில் தினம் இரண்டு கணக்கு, படம் மட்டும் அவளே போட வேண்டும், விடை தேவையில்லை என்று ஆறு வாரம் உட்கார வைத்தேன். பொதுத்தேர்வில் 83 வந்தது.

மார்க் வந்த சூட்டில் ரிவ்யூ எழுதுவதும் ஒரு தவறுதான். 61-க்கும் 83-க்கும் நடுவில் சென்டரின் பயிற்சி எவ்வளவு, வீட்டில் வரைந்த படங்கள் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் யாராவது அந்த சென்டர் எப்படி என்று கேட்டால், உங்கள் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் எவ்வளவு என்று முதலில் கேட்கிறேன். புரிந்துகொண்டும் பழக்கம் போதாமல் மார்க்கை விடுகிற பிள்ளை என்றால் தாராளமாகச் சேருங்கள் என்பேன். படம் போடவே தடுமாறுகிற பிள்ளை என்றால் அந்த எட்டுப் பேர் வகுப்பின் முகவரியைத் தருகிறேன்.