மணிக்கட்டுப் பேண்ட் காட்டும் உறக்க நிலைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறக்க ஆய்வகத்தில் இரவுப் பதிவுகளைப் படித்து நிலை பிரிப்பது என் தொழில். பரிசோதனைக்கு வருகிறவர்களில் பலர், தலையில் மின்முனைகளை ஒட்டும்போதே, மணிக்கட்டில் கட்டியிருக்கும் பேண்டின் செயலியைக் கைபேசியில் காட்டி, "நேற்று ஆழ்ந்த உறக்கம் 38 நிமிடந்தான் காட்டுகிறது சார், அதனால் இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் முன்னதாகவே படுத்துவிடுகிறேன்" என்கிறார்கள். கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இதே தவறை நான்கு மாதங்கள் செய்து, ஒழுங்காக இருந்த என் உறக்கத்தை நானே கெடுத்துக்கொண்டேன். பட்டையைத் தளர்வாகக் கட்டுவது, சார்ஜ் போட மறப்பது போன்றவற்றை அணிகிறவர்களே ஓரிரு நாளில் கண்டுகொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேண்ட் உறக்கத்தையே அளக்கிறது என்று எண்ணுவது

ஆய்வகத்தில் மூளையின் மின்னலைகள், கண்ணசைவு, தாடைத் தசையின் இறுக்கம் ஆகிய மூன்றையும் பார்த்து, இரவை 30 வினாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிலையைக் குறிக்கிறோம். ஒரு துண்டில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உயரமான மெதுவலைகள் இருந்தால் அது ஆழ்ந்த உறக்கம். பேண்டுக்கு இந்த அலைகள் தெரியாது. மணிக்கட்டின் அசைவையும், தோலில் பாயும் பச்சை ஒளியின் மூலம் நாடித்துடிப்பையும், துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி மாறும் விதத்தையும் கொண்டு அது ஊகிக்கிறது. அந்த ஊகம் அடிப்படையற்றது அன்று: ஆழ்ந்த உறக்கத்தில் துடிப்பு சீராகிறது, கனவு மிகுந்த ரெம் உறக்கத்தில் உடல் அசையாமல் கிடக்க, துடிப்பு மட்டும் ஏறி இறங்குகிறது. ஆனால் மூளை அலைகளை நேரில் பார்த்துப் படிக்கும் பயிற்சி பெற்ற இருவரே ஏறத்தாழ ஐந்தில் ஒரு துண்டில் வேறுபடுகிறார்கள். மணிக்கட்டிலிருந்து செய்யும் ஊகத்துக்கு அதைவிடக் கூடுதலான பிழை இருக்கத்தான் செய்யும்.

மதிப்பெண்ணுக்காகப் படுக்கை நேரத்தை நீட்டுவது

இருட்டில் கண்ணை மூடி, கையை அசைக்காமல், விழித்தபடி படுத்திருக்கும் ஒருவரின் நாடி மெதுவாகத்தான் இருக்கும். பேண்டின் பார்வையில் அது லேசான உறக்கத்திலிருந்து பெரும்பாலும் வேறுபடுவதில்லை. ஆகவே உறங்கும் நேரத்தை உறக்கம் என்று சரியாகச் சொல்லும் அதே கருவி, விழித்திருந்த நேரத்தில் பெரும்பகுதியைத் தவறவிடுகிறது. நன்றாக உறங்குகிறவருக்கு விழிப்பே குறைவு என்பதால் இந்தப் பிழை வெளியே தெரியாது. புரண்டு புரண்டு படுக்காமல், அமைதியாக விழித்துக் கிடக்கிறவரிடந்தான் பிழை பெருகுகிறது; உறக்கத்தைப் பற்றிய கவலையில் பேண்ட் வாங்குகிறவரும் பெரும்பாலும் அவரே.

நான் இரவு 11 மணிக்குப் படுத்துக் காலை 6.20க்கு எழுந்துகொண்டிருந்தவன். செயலி என் உறக்கத்துக்குத் தரும் மதிப்பெண் 74ஐத் தாண்டவில்லை என்பதற்காக 9.45க்கே படுத்து 6.45க்கு எழத் தொடங்கினேன். மதிப்பெண் 85க்கு ஏறியது, நானும் மகிழ்ந்தேன். இரண்டாவது மாதத்திலிருந்து நள்ளிரவுக்குப் பின் விழிப்பு வந்தது. பகலில் தலை பாரமாக இருந்தது. "பேண்ட் நன்றாகத்தானே காட்டுகிறது" என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கடைசியில் ஓர் இரவு ஆய்வகத்திலேயே மின்முனைகளையும் பேண்டையும் ஒருசேர அணிந்து படுத்தேன்.

படுக்கையில் கழிந்தது 540 நிமிடம். அதில் விழித்திருந்தது 34 நிமிடம் என்றது பேண்ட். மூளை அலைகளின்படி 112 நிமிடம். அதாவது பேண்டின் கணக்கில் படுக்கை நேரத்தில் 94 விழுக்காடு உறக்கம், உண்மையில் 79 விழுக்காடு. 2.05 முதல் 2.50 வரை நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது எனக்கே நினைவிருந்தது. பதிவிலும் விழிப்புக்குரிய அலைகள் தெளிவாக இருந்தன. பேண்ட் அந்த 45 நிமிடத்தையும் இடைவெளியே இல்லாத லேசான உறக்கமாக வரைந்திருந்தது. ஆழ்ந்த உறக்கம் 83 நிமிடம் என்று அது சொன்னதில் 44 நிமிடம் மட்டுமே பதிவோடு பொருந்தியது.

விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத்தான் உறக்கத்துக்கான அழுத்தம் உடலில் சேர்கிறது. முன்னதாகப் படுத்தால் அந்த அழுத்தம் போதாமல், அதே அளவு உறக்கம் நீண்ட நேரத்தில் பரவி, நடுவில் கிழிகிறது. நாளடைவில் படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது. இதனால்தான் தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையில் படுக்கை நேரத்தைக் குறைக்கிறார்கள். பேண்டோ அதற்கு நேர்மாறானதைச் செய்கிறவருக்குக் கூடுதல் மதிப்பெண் தருகிறது. இதுவே எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. நான் 11.15க்குப் படுத்து 6.20க்கு எழும் முறைக்கு மாறினேன். மூன்று வாரத்தில் நடு இரவு விழிப்பு நின்றது, பகல் தெளிந்தது. செயலியில் மதிப்பெண் 76க்கு இறங்கியது.

உங்கள் பேண்ட் இதில் எவ்வளவு தவறுகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஓர் இரவு வழக்கமான நேரத்தில் படுத்து, 40 நிமிடம் ஓடக்கூடிய ஓர் ஒலிப்பதிவை, அசையாமல் கண்மூடி, இறுதிவரை கேளுங்கள். உறக்கம் எப்போது தொடங்கியதாகப் பேண்ட் காட்டுகிறது என்று காலையில் பாருங்கள். பதிவின் நடுவிலேயே அது உங்களை உறங்கவைத்திருந்தால், உங்கள் விழிப்பு அதற்குத் தெரியவில்லை. பிறகு ஒரு வாரம், செயலியைத் திறப்பதற்கு முன்பே, இரவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தோம் என்பதைக் குத்துமதிப்பாகத் தாளில் எழுதி ஒப்பிட்டால் பிழையின் அளவு ஓரளவு பிடிபடும்.

ஆழ்ந்த உறக்கத்தை நேற்றோடு ஒப்பிடுவது

நேற்று 62, இன்று 45 என்பதற்குப் பொருள் எதுவும் இல்லை. அந்த வேறுபாடு கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். படுத்த நேரம், எழுந்த நேரம், இரண்டும் நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகின்றன என்பவற்றை நம்பலாம். நிலைகளைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் சில வாரங்களின் சராசரியைப் பாருங்கள். ஆழ்ந்த உறக்கம் இயல்பாக இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் குவிந்திருக்கும், ரெம் உறக்கம் விடியலை ஒட்டிக் கூடும். வரைபடம் தொடர்ந்து இதற்கு மாறாக இருந்தால் முதலில் ஊகத்தின்மீது ஐயம் கொள்ளுங்கள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கும் இந்த ஐயம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இரண்டு நிறுவனங்களின் பேண்டுகளை ஒப்பிடுவது

கணிப்பு முறை வேறு, மதிப்பெண்ணின் கூட்டல் வேறு, ஒப்பிடாதீர்கள்.

மென்பொருள் புதுப்பித்தபின் பழைய எண்களைத் தேடுவது

அன்றிலிருந்து புதுக் கணக்கு.

நல்ல மதிப்பெண்ணைக் காட்டிக் குறட்டையை ஒதுக்குவது

உறக்கத்தில் மூச்சு 10 வினாடிக்கு மேல் தடைபடும்போது மூளை சில வினாடிகள் மட்டும் விழித்து, மூச்சைச் சரிசெய்துவிட்டு மறுபடி உறங்கிவிடுகிறது. கை அசையாத அந்தச் சிறு விழிப்புகள் நிலை வரைபடத்தில் விழுவதில்லை. வீட்டார் வற்புறுத்தியதால் பரிசோதனைக்கு வந்த ஒருவர், தம் செயலியில் தொடர்ந்து 88 இருப்பதைக் காட்டி, இந்தப் பரிசோதனை வீண் என்றார். அன்றிரவு அவருக்கு மணிக்கு 41 முறை மூச்சு தடைபட்டது. 30ஐத் தொட்டாலே அதைக் கடுமையானது என்று வகைப்படுத்துகிறோம். மறுநாள் காலை அவருடைய பேண்ட் அந்த இரவுக்கும் 86 கொடுத்திருந்தது.