சப்பாத்துப் பெட்டியோடு மேடையேறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் கந்தோரில் ஸ்டோர் அண்ணன் அண்மையில் ஓய்வு பெற்றார். பதவிப் பெயர் களஞ்சியப் பொறுப்பாளர். ஆனால் திருகோணமலையில் அவரைத் தெரிந்த எல்லாருக்கும் அவர் ஸ்டோர் அண்ணன்தான். மழை நாளைத் தவிர ஒரு நாளும் காலை நடையை விடாதவர். அதனால் எல்லாருமாகக் காசு போட்டு நடப்பதற்கான சப்பாத்து வாங்கிக் கொடுப்பதென்று முடிவானது. அதைக் கையளித்து நாலு வார்த்தை கதைக்கும் பொறுப்பு, வேலைக்கு வந்து ஒரு வருடமும் ஆகாத தம்பி ஒருவரிடம் போனது.

அவர் எழுதிக்கொண்டு வந்து, "அக்கா, ஒருக்கா பாருங்கோ" என்று தாளை நீட்டினார். வாசித்ததும் எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நான் இதே மாதிரி ஒரு மேடையில் சொன்னது ஏறக்குறைய சொல் மாறாமல் அந்தத் தாளில் இருந்தது.

மைக்கைத் தட்டிப் பார்ப்பது, நீளமாகப் பேசுவது போன்றவற்றை நான் சொல்லப் போவதில்லை. அவை யாருக்கும் தெரிந்தவை. சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது மட்டும் வருகிற பிழைகள் சில இருக்கின்றன.

சப்பாத்தை மருந்தாக்குவது

தம்பியின் தாள் இப்படித் தொடங்கியது: "நடைப்பயிற்சி உடலுக்கு மிகவும் நல்லது. இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நோய்கள் அண்டாமல் காக்கும். ஓய்வுக் காலத்தில் எங்கள் அண்ணன் நோய்நொடியின்றி வாழ..."

நானும் இப்படித்தான் தொடங்கினேன். ஓய்வு பெற்றவர் எங்கள் பிரதம லிகிதர். அவரும் காலையில் நடப்பவர். ஒரு நாள் தேநீர் நேரத்தில், தனக்குச் சீனி வருத்தம் தொடங்கியிருப்பதாகப் போகிற போக்கில் என்னிடம் சொல்லியிருந்தார். அவர் மேல் எனக்கிருந்த அக்கறையை எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்ற நினைப்பில், "ஐயாவுக்குச் சீனி இருக்கிறது, வைத்தியர் நடக்கச் சொல்லியிருக்கிறார், ஆகவே இந்தச் சப்பாத்து அவருக்கு மருந்து மாதிரி" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். முன்வரிசையில் அவருடைய மனைவி இருந்தார். அவருக்கு அந்த விசயம் தெரியாது. அவர் திரும்பி மேடையைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஐயா பதில் சொல்ல ஒரு தாள் எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பொக்கற்றில் வைத்திருந்தார். தாளின் நுனி வெளியே தெரிந்தது. அவர் அதை எடுக்கவே இல்லை. "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லி, பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு பல மாதம் டச்பே கடற்கரைப் பக்கம் அவரைக் கண்டிருக்கிறேன். பழைய சப்பாத்தோடுதான் நடந்தார்.

வருத்தத்தின் பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. அறுபது வயதில் கந்தோரை விட்டுப் போகிறவரிடம் "இனி உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ, நடந்தால் நோய் வராது" என்று மேடையில் சொன்னால், அவர் காதில் விழுவது "உங்களுக்கு வயது போய்விட்டது" என்பதுதான். முப்பது வருடம் கந்தோரைத் தாங்கியவர் அந்த இரண்டு நிமிடத்தில் நோயாளியாகிவிடுகிறார். ஒவ்வொரு பிரியாவிடையிலும் யாராவது ஒருவர் இதைச் செய்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பேசுகிறவருக்கு அந்த மனிதர் நடக்கிறார் என்பது மட்டும் தெரியும். எங்கே நடக்கிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார், எங்கே நிற்கிறார் என்று தெரியாது. சொல்ல விசயம் இல்லாத இடத்தில் நடையைப் பற்றிப் பொதுவாகத் தெரிந்ததை இட்டு நிரப்புகிறோம். பொதுவாகத் தெரிந்தது உடம்புக்கு நல்லது என்பது ஒன்றுதானே.

அதனால் தம்பியிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, "சனிக்கிழமை அண்ணனோடு ஒருக்கா நடந்துவிட்டு வாங்கோ" என்றேன். சப்பாத்து விசயத்தை மூச்சுவிட வேண்டாம், நானும் நடக்கத் தொடங்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிச் சேர்ந்துகொள்ளட்டும் என்று சொன்னேன். விடிய ஐந்தரைக்குப் போனார். டச்பே கரை வழியாக நடந்து, பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் புகுந்து, மேலே திருக்கோணேச்சரம் வரை ஏறித் திரும்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அவர் கொண்டுவந்த தாளில் நோய் என்ற சொல்லே இல்லை. அதைத்தான் மேடையில் வாசித்தார்:

"எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை நான் ஸ்டோர் அண்ணனோடு நடந்தேன். டச்பேயில் வள்ளம் கரைக்கு வந்த இடமெல்லாம் அண்ணன் நின்றார். இன்றைக்கு என்ன பட்டது என்று கேட்டார். மீன் ஒன்றும் வாங்கவில்லை. கோட்டைக்குள் மான்கள் றோட்டைக் கடக்கும்வரை காத்திருந்தார். மேலே கோயில் வாசலில் அவர் சப்பாத்தைக் கழற்றியபோதுதான் நான் அதன் பின்பக்கத்தைக் கண்டேன். ஒவ்வொரு நாளும் லேசை அவிழ்க்காமல் மற்றக் காலால் மிதித்துக் கழற்றி, குதிக்கால் பக்கம் மடிந்து தட்டையாகக் கிடக்கிறது. களஞ்சியத்தில் ஒரு பெட்டியின் மூலை நசுங்கியிருந்தாலும் ஏற்காமல் திருப்பி அனுப்புகிற அண்ணன், தன்னுடைய சப்பாத்துக்கு மட்டும் அந்தச் சட்டத்தைப் போடவில்லை. அண்ணன், இது எங்கள் எல்லாருடைய அன்பளிப்பு. வாய் அகலமான சப்பாத்தாகப் பார்த்து எடுத்திருக்கிறோம், கோயில் வாசலில் கழற்றிப் போட லேசாக இருக்கும். சனிக்கிழமைகளில் நானும் வருவேன்."

ஆறுதலாக வாசித்தும் இரண்டு நிமிடம் ஆகவில்லை. நசுங்கிய பெட்டி என்றதும் மண்டபம் முழுக்கச் சிரித்தது, அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அந்த ஒரு வரியில் அவருடைய காலை நடையும் அவருடைய வேலையும் சேர்ந்து வந்துவிட்டன. வீட்டில் இருந்து யோசித்து இப்படி ஒரு வரியை எழுத முடியாது. கூட நடக்க வசதியில்லாவிட்டால், அவரோடு நடக்கிறவர் யாரையாவது பிடித்துக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு வெளிக்கிடுவார், எந்தப் பக்கம் போவார், எங்கே நிற்பார். நிற்கிற இடத்தில்தான் கதை இருக்கும்.

அளவைக் குத்துமதிப்பாக எடுப்பது

பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும், காலுக்குச் சேராத சப்பாத்து அடுத்த நாளே பெட்டிக்குள் போய்விடும். அளவு பழைய சப்பாத்தின் நாக்கின் உட்பக்கத்தில் இருக்கும். ஒரே லேபிளில் இரண்டு மூன்று முறைகளில் எண் போட்டிருக்கும். ஆண்களுடையதில் யூகே 8 என்பது பொதுவாக யூஎஸ் 9, ஐரோப்பிய அளவில் ஏறக்குறைய 42. தம்பி கோயில் வாசலில் 9 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்தார். அது யூஎஸ் அளவு. கடையில் 9 என்று கேட்டிருந்தால் யூகே 9 எடுத்துக் கொடுத்திருப்பார்கள், ஒரு அளவு பெரிதாகப் போயிருக்கும். எண்ணோடு அதற்கு முன்னால் இருக்கிற எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, பழைய அளவே இன்றைக்கும் சரி என்று நம்பிவிட முடியாது. வயது ஏற ஏறப் பாதம் கொஞ்சம் அகலும். அண்ணனின் மனைவியிடம் கேட்டபோது, பழையதில் சின்ன விரல் பக்கம் கிழிந்திருக்கிறது என்றார். நீளம் சரி, அகலம் போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அதே எண்ணில் முன்பக்கம் அகலமான ஒன்றாகப் பார்த்து எடுத்தோம். போடும்போது பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

பரதனைக் கூப்பிடுவது

சப்பாத்து என்றதும் இராமனின் பாதுகையை நினைக்காத பேச்சாளர் குறைவு. கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கதையில் போகிறவர் பாதுகையைக் கொடுத்துவிட்டுப் போகிறார், இருக்கிறவர் அதை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இங்கே நடப்பது நேர் எதிர். மிதிக்க வேண்டிய சப்பாத்தைக் கும்பிட வேண்டிய பாதுகையோடு சேர்த்தால், சபையில் கதை தெரிந்த பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

"செருப்பு"

அந்தச் சொல் மைக்கில் வேண்டாம். சப்பாத்து என்றே சொல்லுங்கள்.

விளக்குக்குப் பக்கத்தில் பெட்டி

மங்கல விளக்கு ஏற்றிய மேசையில் சப்பாத்துப் பெட்டியை வைக்காதீர்கள். வேறொரு கதிரையில் வைத்து, நேரம் வரும்போது எடுங்கள்.

மேடையில் போட்டுப் பார்க்கச் சொல்வது

"போட்டுக் காட்டுங்கோ அண்ணன்!" என்று கீழே இருந்து யாராவது கத்துவார்கள். பேசுகிறவர் அதற்கு இசையக் கூடாது. எல்லாருக்கும் முன்னால் குனிந்து, மேசுக்கு மேலே மாட்டி, லேஸ் கட்டி நிமிர்வது ஒரு பெரிய மனிதருக்குச் சங்கடம். மேசில் ஓட்டை இருந்தால் அதுவும் படத்தில் விழும். மூடியைத் திறந்து ஒரு சப்பாத்தைக் கையில் எடுத்துக் காட்டினால் போதும்.

ஒரே மொழியில் முடிப்பது

எங்கள் கந்தோரில் சிங்களச் சகோதரர்களும் இருக்கிறார்கள். அவர்களும் காசு போட்டிருக்கிறார்கள். தம்பி முடித்ததும் கணக்குப் பகுதியில் இருக்கிற நண்பர் ஒருவர் இரண்டு வசனம் சிங்களத்தில் சொன்னார். ஸ்டோர் அண்ணன் அவருக்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னார். அதை முன்கூட்டியே ஒழுங்கு செய்து வையுங்கள்.

விலை

சொல்லாதீர்கள்.

பில்லைப் பெட்டிக்குள் விடுவது

மேடையில் மூடியைத் திறந்ததும் அதுதான் முதலில் கீழே விழும். பில்லை வீட்டுக்காரரிடம் தனியாகக் கொடுத்து, எத்தனை நாளைக்குள் மாற்றலாம் என்று கடையில் சொன்னதையும் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் பாய் விரித்து அதன் மேல் நடந்து பார்க்கட்டும். றோட்டில் நடந்து அடிப்பக்கம் அழுக்குப் பட்டுவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.