யோனா பிரசங்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யோனாவை எடுக்கிற பலர் பாதி நேரத்தை மீன் வயிற்றிலேயே கழித்துவிடுகிறார்கள். நாலு அதிகாரத்தில் மீன் வருவது மூன்றே வசனத்தில்தான். அப்புறம் நினிவே மனந்திரும்பியதும் அல்லேலூயா சொல்லி முடித்துவிடுவார்கள், யோனா கோபத்தில் உட்கார்ந்திருக்கிற நாலாம் அதிகாரம் அப்படியே கிடக்கும்.

அடுத்தது, யோனா பயந்து ஓடினான் என்பது. பயந்தவன் புயலில் "என்னை எடுத்துச் சமுத்திரத்திலே போட்டுவிடுங்கள்" என்பானா? காரணத்தை அவனே 4:2-ல் சொல்கிறான்: நீர் இரக்கமுள்ளவர், மன்னித்துவிடுவீர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் தர்ஷீசுக்கு ஓடினேன். இதை 2 இராஜாக்கள் 14-ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள். அங்கே யெரொபெயாம் பொல்லாத ராஜா, ஆனாலும் இஸ்ரவேலின் உபத்திரவத்தைப் பார்த்துக் கர்த்தர் இரங்குகிறார், எல்லைகள் திரும்பக் கிடைக்கும் என்ற வாக்கைச் சொன்னவன் இதே யோனாதான். தன் ஜனத்துக்குத் தகுதியில்லாமல் கிடைத்தபோது அந்த இரக்கம் அவனுக்குக் கசக்கவில்லை.

மூன்றாவது, நினிவேயை எங்கேயோ தூரத்தில் காட்டுவது. குடிகாரர், புறமதத்தார் என்று சொன்னால் சபையில் யாருக்கும் வேர்க்காது. நம்ம தருமபுரிப் பக்கம் ஊர்த்தெருவில் இருக்கும் விசுவாசி காலனி வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வருவார், பாடுவார், காபி டம்ளர் வந்ததும் "இப்பத்தான் குடிச்சேன் ஐயா" என்று எழுந்துவிடுவார். அவருக்குத்தான் நாலாம் அதிகாரம். யோனாவுக்கு நிழல் தந்த ஆமணக்கு என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை, காட்டு ஓரத்தில் பார்த்து வளர்ந்தவர்தான். ஒரு ராத்திரியில் முளைத்து ஒரு ராத்திரியில் அழிந்த செடிக்காகப் பரிதபிக்கிறவனிடம், 1,20,000-க்கு அதிகமான ஜனங்களுக்காகவும் மிருகஜீவன்களுக்காகவும் நான் பரிதபிக்கக் கூடாதா என்று தேவன் கேட்கிறார், யோனாவின் பதில் எழுதப்படவே இல்லை. "கடைசியில் அவன் திருந்தினான்" என்று நாமாகச் சேர்த்தால் டம்ளர்க்காரர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆனால் இதே பிரசங்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு நத்தம் காலனிக்குப் போகாதீர்கள், பெரிய தவறு இதுதான். 2012 நவம்பரில் அங்கே தலித் மக்களின் வீடுகளை ஆதிக்கச் சாதிக் கும்பல் எரித்தது. அந்த ஜனங்களைப் பார்த்து "உங்கள் நினிவேயை நேசியுங்கள்" என்று எடுத்தவுடன் சொல்வது கொடுமை. நினிவேயின் அசீரியர் யோனாவின் கற்பனை எதிரிகள் இல்லை, கி.மு. 722 வாக்கில் சமாரியாவை விழுங்கியவர்களே அவர்கள்தான். சொல்லப்போனால் யோனாவே நினிவேக்குக் கொண்டுபோனது நாற்பது நாளில் நகரம் கவிழும் என்ற எச்சரிப்பைத்தான். அங்கே ராஜாவின் கட்டளை இரட்டு உடுத்துவதோடு நிற்கவில்லை, அவரவர் தங்கள் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்ப வேண்டும் என்கிறது 3:8. தேவன் பார்த்ததாக 3:10 சொல்வதும் அவர்கள் செய்கையைத்தான், அழுகையை அல்ல. காலனியில் பேசினால் இங்கிருந்து தொடங்குங்கள், கொடுமை செய்த கை அதை விட்டதா என்று அவர்களோடு சேர்ந்து கேளுங்கள். நாலாம் அதிகாரத்தை ஊர்த்தெருவுக்கு முதலில் கொண்டுபோங்கள்.