காலாண்டு ஜர்னல் ரிவ்யூ: செட்டப்பைத் தூக்கும் முன் செய்யக்கூடாத தவறுகள்

மூன்று மாத டிரேடுகளை ரூபாயில் கூட்டி, நஷ்டத்தில் இருக்கும் செட்டப்பைத் தூக்கிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. நிஃப்டி ஆப்ஷனின் லாட் அளவு 2024 நவம்பருக்குப் பிறகு வந்த கான்ட்ராக்ட்களில் 25-லிருந்து 75 ஆனது. அதே ஒரு லாட், அதே ஸ்டாப்லாஸ் புள்ளிகள், ஆனால் நஷ்டம் மட்டும் மூன்று மடங்கு. ரூபாயில் பார்த்தால் செட்டப் கெட்டுவிட்டது போலவே தெரியும். அதனால் ஒவ்வொரு டிரேடையும் R-இல் எழுதுங்கள். ஸ்டாப்லாஸ் அடித்தால் போகும் தொகை 1R. 2,000 ரூபாய் ரிஸ்க்கில் 3,000 கிடைத்தால் +1.5R. புரோக்கரேஜ், எஸ்.டி.டி. எல்லாம் கழித்த பிறகு வரும் தொகையையே எடுங்கள்.

அடுத்தது இன்னும் மோசமானது: விதியை மீறி எடுத்த டிரேடுகளின் பழியைச் செட்டப் மேல் போடுவது. முதல் 15 நிமிட பிரேக்அவுட் செட்டப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலாண்டில் 24 டிரேடு: 9 வெற்றி சேர்ந்து +14.4R, 15 தோல்வி சேர்ந்து -15R. நிகரம் -0.6R. இந்தக் கணக்கோடு நிறுத்தினால் செட்டப் காலி.

ஜர்னலில் 'விதிப்படியா?' என்று ஒரு கட்டம் இருந்தால் கதை மாறும். அந்த 24-இல் 7 டிரேடு, விலை ஓடிய பிறகு துரத்திப் பிடித்தவை. அவற்றில் ஒரே வெற்றி, +0.8R; ஆறு தோல்வி, -6R. இந்த ஏழு டிரேடையும் விலக்கினால் மிஞ்சும் 17 டிரேடில் +13.6R, -9R. நிகரம் +4.6R, அதாவது டிரேடுக்குச் சராசரி 0.27R. தூக்க வேண்டியது செட்டப்பை அல்ல, தாமதமான என்ட்ரியை. ஆனால் ஒரு எச்சரிக்கை: தோற்ற டிரேடுகளை மட்டும் பிறகு 'விதிமீறல்' என்று குறித்தால் எந்தச் செட்டப்பும் லாபமாகத்தான் தெரியும். இந்தக் கட்டத்தை என்ட்ரி எடுத்த உடனே, முடிவு தெரியும் முன்பே நிரப்ப வேண்டும்.

லாபத்தில் இருப்பதையும் சோதியுங்கள். 20 டிரேடில் +5R, ஆனால் அதில் ஒன்று மட்டும் +7R என்றால் மற்ற 19-உம் சேர்ந்து -2R. டிரெண்டைப் பிடிக்கும் செட்டப்பில் இது சகஜம். ஸ்கால்ப்பிங்கில் இப்படி இருந்தால் அடுத்த காலாண்டுக்கு அளவைப் பாதியாக்குங்கள்.

17 டிரேடு தீர்ப்புக்குப் போதாது என்பதும் உண்மை. 40% வெற்றி தரும் நல்ல செட்டப்பில்கூட அடுத்த ஐந்தும் தோற்க சுமார் 8% வாய்ப்பு உண்டு. எனவே கடந்த நான்கு காலாண்டின் விதிப்படியான டிரேடுகளைச் சேர்த்துப் பாருங்கள். 50 டிரேடு தாண்டியும் சராசரி மைனஸ் என்றால் நிறுத்தலாம்.

விதிவிலக்கு, சந்தையின் அமைப்பே மாறும்போது. பேங்க் நிஃப்டியின் வாராந்திர எக்ஸ்பைரி 2024 நவம்பரில் நின்றுபோனது. அதை நம்பிய எக்ஸ்பைரி நாள் செட்டப்புக்கு 50 டிரேடு காத்திருக்க வேண்டியதில்லை. அதன் பழைய எண்களை நிஃப்டியின் வாராந்திர எக்ஸ்பைரிக்கு அப்படியே சுமத்தவும் கூடாது. அங்கே அது புதுச் செட்டப், கணக்கு பூஜ்யத்திலிருந்து.