ரேஜ் காமிக்ஸ்: புதிதாகப் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

தெரிந்த பிள்ளைகள் சிலர் தாங்கள் போட்ட ரேஜ் காமிக்ஸை என்னிடம் காட்டுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவான சில கிறுக்கல் முகங்களை ஒட்டி, அன்றாட எரிச்சலைச் சில கட்டங்களில் சிரிக்கச் சொல்லும் இணையப் படக்கதைதான் அது. ஒரு காலத்தில் நான் போட்டதை அப்படியே பார்ப்பது போல இருக்கிறது. கோணல் கட்டம், எழுத்துப்பிழையை எல்லாம் விட்டுவிடுகிறேன், இதில் அது ஒரு குறையே இல்லை.

முகத்தை அழகுபடுத்துவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைப்பது இதுதான். ட்ரோல்ஃபேஸ் என்ற இளிக்கும் முகத்தை 2008 செப்டம்பரில் கார்லோஸ் ராமிரெஸ் என்ற அமெரிக்க மாணவர் எம்.எஸ். பெயின்ட்டில் கிறுக்கினார். அதற்கப்புறம் உலகம் முழுக்க அதே கிறுக்கலைத்தான் வெட்டி ஒட்டினார்கள், யாரும் புதிதாக வரையவில்லை. ஒரே படம் திரும்பத் திரும்ப வந்ததால் அது எழுத்து மாதிரி ஆகிவிட்டது. 'அ'வைப் பார்த்து யாரும் யோசிப்பதில்லை, வாசித்துவிட்டுப் போகிறோம்.

ஒரு பையன் நல்ல காமிக் ஒன்று போட்டிருந்தான். வெயிலில் வீட்டுக்கு வருகிறான், ஃபிரிட்ஜில் ஐஸ்கிரீம் டப்பா, ஆசையாகத் திறக்கிறான், உள்ளே இட்லி மாவு. கடைசிக் கட்டத்தில் ரேஜ் கை என்ற, ஆத்திரத்தில் கத்தும் முகம் வந்தால் வேலை முடிந்தது. இவன் அந்த முகத்துக்கு நிழல் கொடுத்து, கண்ணில் நீர் வைத்து, வாயையும் கொஞ்சம் மூடிவிட்டான். கேட்டால், "கோபமும் சோகமும் சேர்ந்து வரணும்ணா" என்கிறான். கோபமா அழுகையா என்று நான் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சிரிப்பு போய்விட்டது.

இந்த முகங்களில் பாதிக் கோபம் கிடையாது. இரண்டு உணர்ச்சி வேண்டுமென்றால் இரண்டு கட்டம் போடு: முதலில் ரேஜ் கை, அடுத்ததில் தலையைத் தொங்கப்போட்ட ஓகே கை முகம். கோபம் வந்தது, அப்புறம் 'சரி, விதி' என்று அடங்கிவிட்டான் என்பது தானாகப் புரியும்.

முதல் கட்டத்திலேயே கத்துவது

ரேஜ் கை 2008-ல் 4chan தளத்தில் வந்தபோது கதை நாலே கட்டம். கழிப்பறையில் உட்கார்ந்திருப்பவன் மேல் தண்ணீர் தெறிக்கிறது, கடைசியில்தான் அந்த முகம். அதுவரை வெறும் குச்சி மனிதன் போதும். முதலிலேயே கத்திவிட்டால் கடைசியில் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

முகத்துக்குக் கீழே "நான் கோபமாக இருக்கிறேன்" என்று எழுதுவது

வேண்டாம்.

சிரிப்பைப் பார்த்துச் சந்தோஷம் என்று நினைப்பது

யாவ் மிங் முகம் வாய்விட்டுத்தான் சிரிக்கிறது. சீனக் கூடைப்பந்து வீரர் ஒரு செய்தியாளர் சந்திப்பில் சிரித்ததை வைத்து வரைந்தது. ஆனால் காமிக்ஸில் அதற்கு அர்த்தம் 'போடா, இதெல்லாம் ஒரு விஷயமா'. ட்ரோல்ஃபேஸின் இளிப்பும் அப்படித்தான், உன்னைச் சீண்டிவிட்டேன் என்கிற இளிப்பு. பிறந்தநாள் வாழ்த்தில் அதைப் போட்டால் கேக்கில் ஏதோ கலந்திருக்கிறது என்றுதான் வாசிப்பார்கள்.

ட்ரோல்ஃபேஸ் டி-ஷர்ட் அடித்து விற்பது

ராமிரெஸ் 2010-லேயே பதிப்புரிமை பதிவு செய்துவிட்டார்.